ஸ்கேனரில் ஓடும் எண்களை வைத்து வேக்கம் லீக்கைப் பிடிப்பது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சேலத்தில் ஏற்காடு சாலையில், கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு மலையிலிருந்து இறங்கி வரும் பெட்ரோல் கார்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. நிற்கும்போது என்ஜின் நடுங்குகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் P0171 என்ற பழுதுக் கோடு வருகிறது. அப்படி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் வேறு எங்காவது பிளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் மாற்றப்பட்ட பிறகே என்னிடம் வருகின்றன. கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் உண்மையைச் சொன்ன சாட்சியாகவே இருக்கிறது. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே புகுந்திருக்கும். இதைத்தான் வேக்கம் லீக் என்கிறோம். அது புகுந்த இடம் பல நேரம் விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றில் உள்ள வெடிப்பாக இருக்கும்.

இங்கே சொல்லப்போவது பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். நாம் முக்கியமாகப் படிக்கப்போவது டிரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய என்ஜினின் கணினியான இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் விழுக்காடு. டீசல் வண்டியில் இந்த டிரிம் எண்கள் கிடையாது. கையில் சாதாரண புளூடூத் அடாப்டரும் கைபேசிச் செயலியும் இருந்தாலே போதும். ஆனால் மலிவான அடாப்டர்கள் மெதுவாகப் படிப்பவை என்பதால், திரையில் இருபது எண்களைத் திறந்து வைக்காமல் குறுகிய கால டிரிமான STFT, நீண்ட கால டிரிமான LTFT, ECT, RPM ஆகிய நான்கோடு, காற்றைக் கணக்கிட உதவும் MAF அல்லது MAP ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

## எண்களை நம்புவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது ECT, அதாவது கூலண்டின் வெப்பநிலை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இ.சி.யு. ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் தன் மனக்கணக்கில் பெட்ரோலை ஊற்றும். அந்த நேரத்தில் STFT பூஜ்யத்திலேயே நின்றிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கலவை சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் தவறு அங்கேயே தொடங்கிவிடும். ECT 80 டிகிரியைத் தாண்டி, எரிபொருள் நிலை, சென்சாரைக் கேட்காத OL என்பதிலிருந்து கேட்கும் CL என்று மாறி, ஏ.சி. அணைந்த நிலையில் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கிடைக்கும் டிரிம்தான் பேசத் தகுந்த டிரிம்.

அந்த ECT எண்ணே உண்மையா என்பதை இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்துவிடலாம். என்ஜினைத் தொடங்குவதற்கு முன் ECT-யும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையான IAT-யும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் இரண்டும் பதின்மூன்று, பதினான்கு என்று நிற்கும். சேலத்தில் அதே நாளில் இருபதை ஒட்டி நிற்கும். ஒன்று பதினான்கும் மற்றொன்று முப்பதும் காட்டினால், லீக்கைத் தேடுவதற்கு முன் அந்தச் சென்சாரையும் அதன் கனெக்டரையும் பார்க்க வேண்டும். ECT மைனஸ் 40 என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

எண் 80-ஐத் தொடவே இல்லையென்றால், அல்லது மலையேறும்போது 90-க்குப் போய் இறக்கத்தில் 65-க்கு விழுந்துவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. சேலத்துச் சமவெளியில் வெயிலுக்கு அது தன்னை மறைத்துக்கொள்ளும். ஏற்காட்டு இறக்கத்தின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மறைக்க முடியாது. தெர்மோஸ்டாட்டை மாற்றிய பிறகே டிரிமைப் படிக்க வேண்டும், ஏனென்றால் என்ஜின் குளிர்ந்திருப்பதாக இ.சி.யு. நம்பும் வரை அது பெட்ரோலைக் கூட்டி ஊற்றி, சிறிய லீக்கை மூடி மறைத்துவிடும்.

பழுதுக் கோடை ஸ்கேனரில் அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படித்து எழுதி வையுங்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் RPM எவ்வளவு, சுமை எவ்வளவு, ECT எவ்வளவு என்பதை இ.சி.யு. அதில் படம் பிடித்து வைத்திருக்கிறது. RPM 750, சுமை குறைவு என்று இருந்தால் கீழே உள்ள முதல் அறிகுறிக்குப் போங்கள். RPM 2800, சுமை எண்பது விழுக்காடு என்று இருந்தால் அந்த வண்டி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது தவித்திருக்கிறது. நேராக நான்காவது அறிகுறிக்குப் போகலாம். கோடை அழித்துவிட்டு வந்தவர்களிடம் இந்தப் பாதி விடை போய்விடுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

## அறிகுறி 1: ஐட்லிங்கில் நடுக்கம், டிரிம் ஐட்லிங்கில் உயர்ந்து, 2500-இல் இறங்குகிறது

STFT என்பது இந்த நொடியில் இ.சி.யு. செய்யும் திருத்தம், LTFT என்பது அது பழகிக் கற்றுக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டித்தான் படிக்க வேண்டும். கூட்டுத்தொகை பிளஸ் என்றால் பெட்ரோலைச் சேர்க்கிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. சூடான, நல்ல நிலையில் உள்ள என்ஜினில் கூட்டுத்தொகை பூஜ்யத்தின் இருபுறமும் ஐந்துக்குள் இருக்கும். பத்து வரை நான் பதற்றப்படுவதில்லை.

MAF உள்ள வண்டியில், அதாவது காற்று வடிகட்டிப் பெட்டியை அடுத்த குழாயில் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், வேக்கம் லீக் தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அளவியைத் தாண்டியபின் உள்ளே வரும் காற்று கணக்கில் சேருவதில்லை. ஓட்டை ஒரே அளவுதான். ஐட்லிங்கில் என்ஜின் குடிக்கும் காற்று குறைவு என்பதால் அந்த ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அதே பங்கு சிறுத்துவிடும். ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு 1.5 லிட்டர் செடானில் நான் பதிவு செய்த எண்களைத் தருகிறேன்:

```
            ஐட்லிங்      2500
RPM          780        2500
ECT           88          91
MAF          1.6         6.0
STFT         +8          +2
LTFT        +17          +5
```

இந்த அளவு என்ஜினுக்கு ஐட்லிங்கில் விநாடிக்குச் சுமார் 2.0 கிராம் காற்று தேவை. அளவியில் 1.6 மட்டுமே பதிவாகிறது, மீதி 0.4 கிராம் வேறு வழியில் வருகிறது. 1.6-இல் 0.4 என்பது கால் பங்கு, அதாவது இருபத்தைந்து விழுக்காடு. திரையில் 8-ஐயும் 17-ஐயும் கூட்டினால் அதே இருபத்தைந்துதான் வருகிறது. 2500-இல் அதே 0.4 கிராம், 6.0 கிராமில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கேயும் திரை ஏழு காட்டுகிறது. இரண்டு இடத்திலும் கணக்கு இப்படிப் பொருந்தினால் ஓட்டை அளவிக்கும் என்ஜினுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எல்லா வண்டியிலும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது; ஆனால் ஐட்லிங் எண் 2500 எண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

தேடும் வரிசையைச் செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியும் எண்ணெய் அளவுக் கம்பியும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல என்ஜின்களில் அவை தளர்ந்தாலே, என்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பி.சி.வி. குழாய் வழியாகக் காற்று உள்ளே புகும். அடுத்து MAF-க்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள மடிப்புக் குழாயின் அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும். மடிப்பை விரலால் விரித்தால்தான் வெடிப்பு தெரியும். சேலத்து வெயிலில் வெளியே நிற்கும் வண்டிகளில் இது ஆண்டுக்கணக்கில் இறுகி, மடிப்பின் அடியில் கிழிகிறது. காபித் தோட்டங்களில் நிற்கும் வண்டிகளில் வெடிப்பைவிட எலி கடித்த தடத்தை அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிறகு பி.சி.வி. குழாய், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், பெட்ரோல் டேங்க் ஆவியை உறிஞ்சும் பர்ஜ் வால்வின் குழாய் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, தாடையில் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொரு குழாயையும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மென்மையாக அழுத்தி மூடிவிட்டு, திரையில் STFT-ஐ மட்டும் கவனியுங்கள். LTFT மெதுவாகத்தான் நகரும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. சரியான குழாயை மூடியதும் STFT சட்டென்று மைனஸுக்குப் பாயும், ஏனென்றால் LTFT இன்னும் பழைய கணக்கில் பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல பி.சி.வி. குழாயை மூடினாலும் எண் சிறிதளவு அசையும், அது இயல்பு. பத்து, பதினைந்து என்று பாய்ந்தால் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மொறுமொறுப்பான பிளாஸ்டிக் குழாய்களை அழுத்தக் கூடாது, உடைந்துவிடும். அவற்றைக் கழற்றி முனையை விரலால் மூடிப் பாருங்கள்.

பர்ஜ் வால்வை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. சூடான என்ஜினில் இ.சி.யு. அதைத் தானே திறந்து திறந்து மூடும் என்பதால் உறிஞ்சல் இருப்பது பழுதாகாது. குளிர்ந்த ஐட்லிங்கில், டேங்க் பக்கத்துக் குழாயைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சல் இருக்கக் கூடாது. இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. இந்தப் பழுதுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: பெட்ரோல் நிரப்பிய உடனே வண்டி தொடங்கத் தகராறு செய்யும், அன்றைக்கு மட்டும் டிரிம் மைனஸுக்குக்கூடப் போகும், ஏனென்றால் காற்றுக்குப் பதிலாக டேங்க் ஆவி உள்ளே வருகிறது.

மேற்சொன்ன செடானில் இந்த மூன்றும் நன்றாகவே இருந்தன. வண்டிக்காரர் பேச்சுவாக்கில், "முன்னாடி கேஸ் கிட் போட்டிருந்தோம் அண்ணா, அப்புறம் எடுத்துட்டோம்" என்றார். கேஸ் கிட் பொருத்தும்போது இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு துளையிட்டுப் பித்தளை நிப்பிள் முறுக்குவார்கள். கிட்டைக் கழற்றியவர்கள் நிப்பிள்களை விட்டுவிட்டு ரப்பர் தொப்பி மாட்டியிருந்தார்கள். நான்கில் மூன்றாவது தொப்பி என்ஜின் சூட்டில் பக்கவாட்டில் பிளந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்து மூடியதும் STFT பிளஸ் 8-இலிருந்து மைனஸ் 15-க்கு இறங்கியது, MAF 1.6-இலிருந்து 2.0-க்கு ஏறியது. தொப்பியை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதைதான் என்பதால், நான்கு நிப்பிள்களையும் கழற்றிவிட்டு மரையில் பூச்சு தடவித் திருகு அடைப்புப் போட்டேன். அந்த வண்டியில் அதற்கு முன்பே இரண்டு முறை ஆக்சிஜன் சென்சார் மாற்றப்பட்டிருந்தது. கேஸ் கிட் இருந்த வண்டி என்றால் இன்று நான் இந்த நிப்பிள்களிலிருந்தே தேடலைத் தொடங்குகிறேன்.

குழாய்களில் கிடைக்கவில்லையென்றால் மிஞ்சுவது மேனிஃபோல்டு கேஸ்கெட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் அடியில் உள்ள ஓ-ரிங்குகள். வீட்டில் செய்யக்கூடிய சோதனை, தெளிப்பான் போத்தலில் சோப்புத் தண்ணீரை எடுத்து அந்த இணைப்புகளின் மேல் சிறிது சிறிதாகத் தெளித்து, STFT-உம் ஐட்லிங்கும் அசைகின்றனவா என்று பார்ப்பதுதான். தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும். காயில், கனெக்டர் மேல் படாமல் தெளிக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் அது தீப்பிடிக்கும். வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம்.

இந்தக் கட்டம் வரை வந்தும் ஓட்டை கிடைக்கவில்லையென்றால் ஸ்மோக் மெஷின் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையை ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாத பிளவிலிருந்தும் புகை நூல் போல எழும். மேனிஃபோல்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றும் கூலி அதிகம் என்பதால், புகை எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி 2: ஐட்லிங் உயர்ந்தே நிற்கிறது, டிரிம் மட்டும் இயல்பாக இருக்கிறது

நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பான்மையானவை MAF இல்லாதவை. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் MAP சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடுகின்றன. மேலே சொன்ன டிரிம் சூத்திரத்தை இந்த வண்டிகளில் அப்படியே வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லீக் வழியாக வரும் காற்றும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஏற்றுகிறது, MAP அதைப் பார்த்துவிடுகிறது, இ.சி.யு. அதற்கேற்ற பெட்ரோலையும் ஊற்றிவிடுகிறது. கலவை சரியாக இருப்பதால் டிரிம் அமைதியாக நிற்கும். கெடுவது ஐட்லிங் வேகம்தான். P0171-க்குப் பதிலாக, ஐட்லிங் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று சொல்லும் P0507 வரக்கூடும். சில செயலிகள் MAP-ஐ வைத்து MAF எண்ணைத் தாமே கணக்கிட்டுக் காட்டும் என்பதால், பானெட்டைத் திறந்து அந்தச் சென்சார் உண்மையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்த வண்டிகளில் படிக்க வேண்டிய எண் MAP. முதலில் சாவியை மட்டும் திருப்பி, என்ஜின் ஓடாமல் பாருங்கள். அது அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சேலத்தில் 98 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 84, 85 என்று இருக்கும். சேலத்தில் நிற்கும் வண்டி 85 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. அதை விட்டுவிட்டு லீக்கைத் தேடுவதில் பொருளில்லை. பிறகு சூடான என்ஜினை ஏ.சி. இல்லாமல் ஐட்லிங்கில் விட்டால் MAP பெரும்பாலும் 28-க்கும் 40-க்கும் நடுவில் நிற்கும். 45-ஐத் தாண்டி, கூடவே ஐட்லிங்கும் 1000-க்கு மேல் நின்றால் லீக் என்று சந்தேகிக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு சிறிய காரில் ஐட்லிங் 1100, MAP 48, டிரிம் கூட்டுத்தொகை வெறும் பிளஸ் 4. பி.சி.வி. குழாயை அழுத்தியதும் MAP 36-க்கும் RPM 800-க்கும் இறங்கின. குழாய் வால்வுக்குள் நுழையும் முழங்கை வளைவில் கிழிந்திருந்தது. சோதனை முறை முதல் அறிகுறியில் சொன்னதேதான். STFT-க்குப் பதிலாக MAP-ஐயும் RPM-ஐயும் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

MAP உயர்ந்தும் ஐட்லிங் உயராமல், தாழ்ந்து நடுங்கினால் அது வேறு வழக்கு. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் போயிருக்கலாம். குழாய்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்தி, கம்ப்ரெஷன் பார்க்கும் கருவி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய முறைப்படி வேக்கம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேஜ் வெளிக் காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவது. ஏற்காட்டில் வெளிக் காற்றே மெலிந்திருப்பதால், நல்ல என்ஜினிலும் முள் சேலத்தைவிட நான்கு அங்குலம் வரை தாழ்ந்து நிற்கும். அதைப் பார்த்து லீக் என்று மேனிஃபோல்டைக் கழற்றியவர்கள் உண்டு. MAP காட்டுவது நேரடி அழுத்தம் என்பதால் அந்தக் குழப்பம் அதில் வராது.

## அறிகுறி 3: காலையில் மட்டும் நடுக்கம், சூடானால் சரியாகிவிடுகிறது

ஏற்காட்டில் இரவு நிற்கும் வண்டிகளின் தனிப் புகார் இது. கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் குளிரில் சுருங்கி இடைவெளி விடும். சூடேறியதும் விரிந்து தாமே அடைத்துக்கொள்ளும். வண்டி சேலத்துக்கு வந்து சேரும்போது நான் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது. மேலும், நடுங்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம் முழுவதும் எரிபொருள் நிலை OL-இல் இருப்பதால் டிரிமும் உதவாது.

ஆகவே சோதனையை வண்டி நிற்கும் இடத்திலேயே, விடியற்காலையில் செய்ய வேண்டும். செயலியின் பதிவு வசதியை இயக்கிவிட்டு என்ஜினைத் தொடங்குங்கள். ECT ஏற ஏற MAP, RPM இரண்டும் எப்படி நகர்கின்றன என்பது பதிவாகும். CL-க்கு மாறிய முதல் நிமிடத்தில் STFT பிளஸ் 15-இல் தொடங்கி, ECT 60, 70 என்று ஏறும்போது படிப்படியாக 3, 4-க்கு இறங்கினால் சுருங்கும் ரப்பர்தான் காரணம். சோப்புத் தண்ணீர்ச் சோதனையையும் அந்தக் குளிர்ந்த நிமிடங்களிலேயே மேனிஃபோல்டு இணைப்பின் மேலும் இன்ஜெக்டர்களின் அடியிலும் செய்துவிட வேண்டும். மேனிஃபோல்டு நட்டுகள் தளர்ந்திருந்தால், என்ஜின் குளிர்ந்தபின் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டைக் கை பலத்துக்கு முறுக்கினால் அது வெடித்து, சிறிய பழுது பெரிய செலவாகும்.

## அறிகுறி 4: ஐட்லிங் நன்றாக இருக்கிறது, மலை ஏறும்போது டிரிம் ஏறுகிறது

இது வேக்கம் லீக் அல்ல. ஐட்லிங்கில் பிளஸ் 3, அடிவாரம் தாண்டி ஏற்றத்தில் பிளஸ் 18, பிளஸ் 20 என்று ஏறினால், என்ஜின் கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை, அல்லது அழுக்கான MAF காற்றைக் குறைத்து அளக்கிறது. MAF-ஐ அதற்கென விற்கும் தெளிப்பானால் சுத்தம் செய்து பார்ப்பது மலிவு. அதன் கம்பியை விரலாலோ துணியாலோ தொடக் கூடாது. பிறகு பெட்ரோல் ஃபில்டர், அதன் பிறகு பம்ப். பம்பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்கும் வேலை பெட்ரோல் தெறிக்கும் வேலை என்பதால் அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

வளைவுகளில் ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கக் கூடாது. பதிவை ஓடவிட்டு, மேலே போய் நிறுத்தியபின் படியுங்கள். இறங்கும்போது பதிவான டிரிமைக் கணக்கில் எடுக்க வேண்டாம்: ஆக்சிலரேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது இ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது, அப்போது டிரிம் எண்ணுக்குப் பொருளே இல்லை.

## அறிகுறி 5: பிரேக் மிதித்தால் ஐட்லிங் மாறுகிறது, மிதி கனக்கிறது

இந்த அறிகுறி இருந்தால் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு இதை முதலில் பாருங்கள். ஐட்லிங்கில் பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது STFT பாய்ந்து, மிதிக்கு அருகில் உஸ்ஸென்று காற்று இழுக்கும் ஒலி கேட்டால், பூஸ்டரின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தி, மிதி கெட்டியாகும் வரை நான்கைந்து முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் என்ஜினைத் தொடங்குங்கள். மிதி காலடியில் சிறிது அமிழ வேண்டும். அமிழாவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் போய்ச் சேரவில்லை. குழாயும் அதிலுள்ள ஒருவழி வால்வும் மலிவானவை, அவற்றை முதலில் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் பூஸ்டரையே மாற்ற வேண்டிவரும். எதுவாயினும் அந்த வண்டியை மலையிலிருந்து ஓட்டி இறக்கக் கூடாது. ஏற்காட்டிலேயே நிறுத்தி, மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

## சரிசெய்த பிறகு

லீக்கை அடைத்தவுடன் ஐட்லிங் தாழ்ந்து, ஓரிரு முறை வண்டி நின்றும் போகலாம். இத்தனை நாள் கூடுதல் காற்றுக்குப் பழகி த்ராட்டிலைக் குறைத்து வைத்திருந்த இ.சி.யு. புதிய நிலையை இன்னும் கற்கவில்லை. இதைப் புதிய பழுது என்று நினைத்துத் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனரில் கோடை அழித்தால் LTFT-உம் பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும். சில வண்டிகளுக்கு த்ராட்டிலைப் புதிதாகக் கற்பிக்கும் தனிக் கட்டளையும் தேவைப்படும், அதைப் பட்டறை ஸ்கேனரில்தான் செய்ய முடியும். பிறகு ECT 80-ஐத் தாண்டிய நிலையில் கொஞ்சம் நகரிலும் கொஞ்சம் ஏற்றத்திலும் ஓட்டிவிட்டு, மீண்டும் ஐட்லிங்கிலும் 2500-இலும் எண்களை எழுதுங்கள். அந்தச் செடான் நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தபோது ஐட்லிங்கில் STFT பிளஸ் 1, LTFT பிளஸ் 2. 2500-இல் இரண்டும் சேர்ந்து பிளஸ் 2. ஐட்லிங் எண்ணும் 2500 எண்ணும் இப்படி ஒன்றையொன்று நெருங்கி நின்றால் ஓட்டை அடைந்துவிட்டது. ஐட்லிங்கில் இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று என்று நின்றால் இரண்டாவது ஓட்டை ஒன்று எங்கோ இருக்கிறது, முதல் அறிகுறியின் வரிசையை மறுபடியும் எண்ணெய் மூடியிலிருந்து தொடங்க வேண்டும்.